நியூட்ரலில் இறக்கிய வீரருக்கு

மூன்று நாளாக எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எந்த வீடியோ என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வரைக்கும் மலை இறக்கத்தில் காரின் கியரை நியூட்ரலில் போட்டு, "பாருங்கோ, ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லாமல் இறங்குறன்" என்று ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் போன். அதற்குக் கீழே நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: "இது ஆபத்து, மூன்றாம் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறக்குங்கள்." அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்று பேர் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், "அக்கா, நீங்க ஆட்டோ கார் ஒண்டு வாங்குங்கோ, கியரை எங்களுக்கு விடுங்கோ" என்கிறார். சிரித்தவர்களில் பாதிப் பேர் எங்கள் திருகோணமலை ஆட்கள். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். சரி, இருக்கட்டும்.

கியரில் இருக்கும் காருக்கும் நியூட்ரலில் இருக்கும் காருக்கும் இறக்கத்தில் என்ன வித்தியாசம் என்று முதலில் பார்ப்போம். கியரில் வைத்துக்கொண்டு அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், அதுவரை சக்கரத்தைச் சுற்றிய இஞ்சினை இப்போது சக்கரம் சுற்றுகிறது. காற்று உள்ளே வரும் வழி ஏறக்குறைய மூடியிருக்கும். மூடிய வழியால் காற்றை இழுக்க இஞ்சின் திணறும். அந்தத் திணறல்தான் காரைப் பிடித்து வைக்கிறது. நியூட்ரலில் போட்ட அடுத்த நொடி இந்தப் பிடி போய்விடுகிறது. மிஞ்சுவது பிரேக் மட்டும். ஒரு மலையின் முழுப் பாரத்தையும் நான்கு சக்கரத்தில் இருக்கும் உள்ளங்கை அளவு பிரேக் கட்டைகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

அது எவ்வளவு பாரம்? நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். ரம்பொடைக்கு வரும்போது எண்ணூறு, தொளாயிரம் மீற்றர் இறங்கியிருப்போம். ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்தையும் பிரேக்கால் மட்டுமே பிடித்து, ஒரே வேகத்தில் வந்தால், மணிக்கு 160 கிலோமீற்றரில் ஓடும் காரை ஒரு தடவை முழுதாக நிறுத்தும் அளவுச் சூடு பிரேக்குக்கு ஏறும். காற்றும் ரயரும் கொஞ்சம் பிடிக்கும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இடையிடையே சூடு ஆறும், அதையும் கழியுங்கள். கழிக்கும் முன் ரம்பொடைக்குள் எட்டு, ஒன்பது தடவை. கழித்த பிறகும் பல தடவை. கணக்குப் பிழை என்றால் பௌதிகம் படித்த யாராவது திருத்துங்கள். சிரிக்கத் தேவையில்லை.

சூடு ஏறினால் என்ன நடக்கும்? முதலில் பிரேக் கட்டையின் பிடி குறையும், அதே வேகத்துக்கு இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டி வரும். பிறகு பிரேக் ஒயில். அது காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். டொட் 3 என்று போட்டிருக்கும் ஒயில் புதிதில் 205 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அது 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். எங்கள் கடற்கரை ஊரில் ஈரத்துக்குக் குறைவா? கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அமத்தலாம், ஒயிலை அமத்த முடியாது. அதனால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. போன வளைவில் பிடித்த பிரேக் இந்த வளைவில் இல்லை.

அப்பா லொறி ஓடினவர். இங்கிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு கண்டி, திரும்பும்போது மரக்கறி. கண்டியில் இருந்து மாத்தளைக்கு வரும் வழியில் பலகடுவ இறக்கம் தொடங்கும் முன்னமே லொறியை ஏறக்குறைய நிற்கும் அளவுக்கு மெதுவாக்கி, கியரைக் குறைத்துவிட்டுத்தான் இறக்குவார். விடுமுறைக்கு ஒரு தடவை கூடப் போனேன், பத்து வயது இருக்கும். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்து அடித்துக் களைத்துப்போனான். "ஏன்ப்பா இவ்வளவு மெல்லமா?" என்று கேட்டேன். "ஏறின கியரிலதான் இறங்கோணும் மகள். நடுவழியில கியரைத் தேடினால் கிடைக்காது" என்றார்.

நடுவழியில் தேடினால் ஏன் கிடைக்காது என்பது நானே கார் ஓடத் தொடங்கின பிறகுதான் விளங்கியது. நியூட்ரலில் வேகம் கூடிக்கொண்டே போகும், இஞ்சின் மட்டும் கீழே முணுமுணுத்துக்கொண்டு இருக்கும். பயந்துபோய் இரண்டாம் கியரைத் தள்ளினால் ஒன்று உள்ளே போகாது, அல்லது போய் கிளச்சை விட்டவுடன் முன் சக்கரம் வெட்டி இழுக்கும். மழை ஈரத்தில், வளைவில் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கிளச்சை மிதித்தபடி இறங்குவதும் இதே கதைதான். "நான் நியூட்ரலில் போடவில்லை, கிளச் மட்டும்தான்" என்று சொல்லும் ஆட்கள் தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள்.

அப்போ எப்போது கியர் மாற்றுவது? என்னுடைய சின்னக் காரில் ஆர்பிஎம் மீற்றரே இல்லை, காதுதான் மீற்றர். சமதரையில் முதலாம் கியர் கிளம்ப மட்டும், பதினைந்து இருபதுக்குள் இரண்டு, முப்பதைத் தாண்டி மூன்று, நாற்பத்தைந்து ஐம்பதில் நான்கு. கார் குலுங்கினால், அக்சிலேட்டரை அமத்தியும் ஏறாமல் முனகினால், கியர் கூடிவிட்டது, ஒன்று குறைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இறக்கம். இறக்கம் தொடங்கும் முன், மேலேயே, பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு கிளச், பிறகு கீழ்க் கியர், பிறகு கிளச்சை ஆறுதலாக விடுவது. இரண்டு காலையும் எடுத்துப் பாருங்கள். வேகம் கூடாமல் நின்றால் அதுதான் சரியான கியர். ஒவ்வொரு ஐந்து நொடிக்கும் பிரேக் தேவைப்பட்டால் இன்னும் ஒன்று குறையுங்கள். வளைவுக்கு முன் பிரேக்கை உறுதியாக மிதித்து, குறைந்தவுடன் விட்டுவிடுங்கள், காலை வைத்தபடியே தேய்க்க வேண்டாம். இரண்டாம் கியரில் இஞ்சின் கத்தும். கத்தட்டும், அதற்குத்தான் அதை வாங்கினோம்.

"இஞ்சின் பழுதாகும், பிரேக் கட்டை மலிவு" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேகத்தைக் குறைத்துவிட்டு கியர் போட்டால், கிளச்சை முழுதாக விட்டிருந்தால், இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. முடிந்தது.

"பெற்றோல் மிச்சம்" என்கிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பாதி உண்மை உண்டு. கார்ப்பரேட்டர் வைத்த பழைய கார்களில் நியூட்ரலில் விட்டால் உண்மையாகவே கொஞ்சம் மிச்சம் வந்தது. அப்பா காலத்து ஆட்கள் சிலர் அதைப் பார்த்துத்தான் பழகினார்கள். இப்போது இருப்பவை பெரும்பாலும் இன்ஜெக்டர் கார்கள். கியரில் வைத்துக் காலை எடுத்து இறங்கும்போது இன்ஜெக்டர் பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும், இஞ்சினைச் சக்கரமே சுற்றுவதால் தேவையில்லை. நியூட்ரலில் போட்டால் இஞ்சின் நின்றுவிடாமல் இருக்கப் பெற்றோல் கொடுத்தே ஆக வேண்டும், சின்னக் காருக்கு மணிக்கு அரை லீற்றருக்கு மேல். அதாவது செங்குத்தான இறக்கத்தில் அந்த வீடியோ வீரர்தான் பெற்றோல் எரித்தார். மெல்லிய சரிவான நேர் ரோட்டில் நியூட்ரலில் கார் கூடுதல் தூரம் உருளும், அங்கே ஏதோ சில்லறை மிச்சம் வரலாம். ஒத்துக்கொள்கிறேன். ரம்பொடை மெல்லிய சரிவா?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இல்லை, வெட்கம்தான் இருக்கிறது. 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப் போய் வரும்போது நானும் கெட்டிக்காரி ஆனேன். நியூட்ரல் மட்டுமல்ல, திறப்பையும் ஒரு படி பின்னால் திருப்பி இஞ்சினையே நிறுத்திவிட்டேன். கோட்டைக்குள் இறங்கும் அந்த ரோட்டில் இருபதுக்கு மேல் வேகம் இருந்திருக்காது. ஒரு மான் குட்டி நடுவில் வந்தது. முதல் மிதி பிடித்தது, கார் மெதுவானது. விட்டுவிட்டு மறுபடி மிதித்தேன், பாதிதான் பிடித்தது. மூன்றாவது மிதி செங்கல்லை மிதித்தது மாதிரி. இஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு உதவி செய்யும் வெற்றிடம் கிடைக்கும். நிறுத்தினால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். ஸ்டியரிங்கும் மரக்கட்டை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். அம்மாவின் மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டு கவிழ்ந்து, தேங்காய்ப் பாதி அவரது காலடியில் உருண்டது. மான் ஒரு முழ தூரத்தில் நின்று எங்களைப் பார்த்தது. அம்மா திருநீறை உதறிக்கொண்டு, "கொப்பர் பார்த்திருந்தா உன்னை இறக்கி நடக்க விட்டிருப்பார்" என்றா.

அன்றைக்கு மிச்சம் பிடித்தது எத்தனை மில்லிலீற்றர் என்று இன்னும் தெரியாது. அதனால்தான் அந்த ஒரு வரியை எழுதினேன். பெரிய ஆள் என்று காட்ட இல்லை. "பெம்பிளையள் கியர் சொல்லித்தர வந்திட்டினம்" என்று எழுதின தம்பி, உனக்கு எல் போர்ட் போட்ட நாளில் கடற்கரை ரோட்டில் எத்தனை தரம் கார் நின்றது என்று உன் அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நான் எங்கேயாவது எழுதினேனா?

வீடியோ போட்டவருக்குக் கடைசியாக ஒன்று. உங்களோடு கோபம் இல்லை, சிரித்தவர்களோடுதான். இந்தக் கிழமைக்குள் காரை கராஜில் விட்டு, நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக் கட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பரப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் மாற்ற வேண்டும். பிரேக் ஒயிலையும் மாற்றிவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், வீடியோ முடிய ஒரு பத்து நொடி இருக்கும்போது பின் சீட்டில் இருந்து உங்கள் பிள்ளை "அப்பா, என்னவோ கருகிற மணம்" என்று சொல்வது கேட்கிறது. பாட்டைக் குறைத்துவிட்டு மறுபடி போட்டுக் கேளுங்கள்.