சனிக்கிழமை சாயங்காலக் கணக்கு

வேலூர் பாகாயம் பக்கம் ஒரு வீட்டு வேலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சனிக்கிழமை அஞ்சரை மணிக்கு மேல் மேஸ்திரி செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து பட்டுவாடா பண்ணுவார். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், மடித்த நோட்டைக் கையில் வைப்பார், அடுத்த ஆள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் போகிறவர்களுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். நின்று எண்ணிப் பார்க்க அந்த நேரத்தில் யாருக்கும் முடியாது.

போன வாரம் ஒரு சித்தாள் அக்கா என்னிடம் வந்து, "ஆறு நாள் வந்தேன் தம்பி, ரெண்டாயிரத்து நானூறுதான் இருக்கு" என்றார். பேசின கூலி நாளுக்கு 600. ஆறு நாளைக்கு 3600. தினமும் சாயங்காலம் செலவுக்கு 100 வாங்கியிருக்கிறார், அது 600. அது அவர் வாங்கின முன்பணம், கழித்தது நியாயம். கைக்கு 3000 வர வேண்டும். மீதி 600 எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்தோம்.

புதன்கிழமை அரை நாள் என்று 300 கழிந்திருந்தது. அன்றைக்கு சிமெண்ட் லோடு மத்தியானம் வரைக்கும் வரவில்லை. இவர் எட்டு மணிக்கே வந்து காத்திருந்தார், மத்தியானம் மேஸ்திரிதான் "போய்ட்டு நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பினார். டீக்கு நாளுக்கு 10 வீதம் 60. ஆனால் டீ காசை வீட்டுக்காரர் தனியாகக் கொடுக்கிறார், என் கையால்தான் போகிறது. அப்புறம் 200 "பாக்கி நிக்கட்டும்" என்று. கடைசியில் 2440 வருகிறது, சில்லறை இல்லை என்று 40 போய்விட்டது. ஆறு நாள் வந்தவருக்கு ஐந்து நாள் கூலிதான் கணக்கு.

இதில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்த 200. டீ காசு சின்ன ஏமாற்று. பாக்கி அப்படியில்லை, அது ஆளைக் கட்டிப் போடுகிற கயிறு. வாரா வாரம் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டால், காட்பாடியில் 50 ரூபாய் அதிகம் தருகிற சைட் கிடைத்தாலும் போக முடியாது. போனால் பழைய பாக்கி காந்திக் கணக்கு. மேஸ்திரியைக் கேட்டால் அவர் பக்கம் ஒரு கதை இருக்கும். சதுர அடிக் கணக்கில் லேபர் காண்ட்ராக்ட் எடுத்திருப்பார், ரூப் போட்டால்தான் அடுத்த தவணை வரும், அதுவரைக்கும் கைப்பணத்தைப் போட்டு ஓட்டுகிறேன் என்பார். பாதி நேரம் அது உண்மையும்தான். ஆனால் அந்த ஓட்டத்துக்கு முதல் போட வேண்டியது சித்தாளின் கூலி இல்லையே.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலை நாளில் கொடுத்துத் தீர்க்க வேண்டும். கொடுத்த முன்பணத்தைக் கழிக்கலாம். பொருள் சேதம் என்று கழிப்பதாக இருந்தால், அந்த ஆளின் கவனக்குறைவுதான் காரணமாக இருக்க வேண்டும், அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும். வேலை கொடுக்க வேண்டியவர் கொடுக்காமல் விட்டதால் நாள் குறைந்தால், அதற்கும் முழு நாள் கூலி உண்டு. இது பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலேயே, 1948-லேயே, இருந்த விதி. சிமெண்ட் லோடு வராதது சித்தாளின் குற்றமா?

சரி, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாமே என்பீர்கள். மூன்று வருடத்துக்குள் கோரலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மேஸ்திரி அதே ஊர்க்காரர், பல நேரம் சொந்தக்காரர். கையில் கூலிச் சீட்டும் கிடையாது. 600 ரூபாய்க்கு மனு போட்டால் அடுத்த வாரம் வேலைக்கு யார் கூப்பிடுவார்?

அதனால் நான் அந்த அக்காவிடம் சொன்னது வேறு. ஒரு சின்ன நோட்டு, தினமும் ராத்திரி மகளை எழுதச் சொல்லுங்கள்: எந்த சைட், எத்தனை மணிக்கு வந்தது, எப்போது விட்டார்கள், செலவுக்கு வாங்கினது எவ்வளவு. அரை நாள் என்றால் யார் அனுப்பினார், ஏன் என்றும் ஒரு வரி. கணக்கைச் சனிக்கிழமை கேட்காதீர்கள், வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் கேளுங்கள், "அண்ணே, இதுவரைக்கும் எனக்கு எவ்வளவு வருது?" என்று. அப்போது பஸ் அவசரம் இல்லை, நாலு பேர் பக்கத்தில் இருப்பார்கள், இன்னும் ஒரு நாள் வேலையும் அவருக்கு வேண்டும். பாக்கி நிற்கட்டும் என்றால், தொகையை உங்கள் நோட்டிலேயே அவர் கையால் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற மேஸ்திரியிடம் அடுத்த வாரமே பாக்கியை முடித்துக்கொள்வது நல்லது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒன்று. ஆள் கணக்கில் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால், சித்தாளுக்கு என்று நீங்கள் கொடுப்பதும் அவர் கைக்குப் போவதும் ஒன்றுதானா என்று ஒரு சனிக்கிழமை நேரில் நின்று பாருங்கள். மேஸ்திரிக்குக் கமிஷன் கொடுப்பதானால் தனியாகக் கொடுங்கள். டீ காசு கொடுத்தால் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கொடுங்கள்.