பாண்டுங்கும் பெல்கிரேடும் ஒன்றல்ல

இப்படி ஒரு பேச்சு அடிக்கடி வருகிறது: "1955ல பாண்டுங்ல நேரு, நாசர், டிட்டோ மூணு பேரும் சேர்ந்து அணிசேரா இயக்கத்தைத் தொடங்கினாங்க. எந்த அணியிலும் சேராத நாடுகள் மட்டும்தான் அதுல இருந்துச்சு."

யூகோஸ்லாவியாவின் டிட்டோ, இந்தோனேசியாவின் பாண்டுங்குக்கு வரவே இல்லை. அது ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் மாநாடு. யூகோஸ்லாவியாவோ ஐரோப்பாவில் இருந்த நாடு. வந்த 29 நாடுகளில் பாகிஸ்தான், துருக்கி, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து எல்லாம் அமெரிக்கா பக்கம் ஒப்பந்தம் போட்டவை. இன்னொரு பக்கம் கம்யூனிஸ்ட் சீனாவின் பிரதமர் சூ என்லாய். இலங்கைப் பிரதமர் கொத்தலாவல, கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் செய்வதும் காலனியாதிக்கம்தானே என்று கேட்டுவிட, நேரு கடுப்பானார். எந்த அணியிலும் சேராதவர்கள் மட்டும் கூடிய இடத்தில் இந்தச் சண்டை வருமா?

இயக்கத்தின் முதல் உச்சி மாநாடு 1961 செப்டம்பரில், யூகோஸ்லாவியாவின் தலைநகர் பெல்கிரேடில். அதற்கு முன் ஜூனில் கெய்ரோவில் கூடி, யாரை அழைப்பது என்று விதி வகுத்தார்கள். வல்லரசு மோதலையொட்டி உருவான கூட்டு ராணுவ ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. அந்நியத் தளம் இருந்தால், அதுவும் அந்த மோதலுக்காகக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. இந்த விதியின் நெளிவு அழகு: குவாந்தனாமோவில் அமெரிக்கத் தளம் இருந்தும் கியூபா உள்ளே வந்தது, ஏனென்றால் அந்தக் குத்தகை 1903லேயே போட்டது.

"பாகிஸ்தானும் உறுப்பினர்தானே" என்று கேட்பவர் சொல்வது பாதி சரி. அமெரிக்கா ஆதரித்த ராணுவக் கூட்டான சென்டோவை விட்டு வெளியேறிய பிறகு, 1979ல்தான் அது சேர்ந்தது. "என் பள்ளிப் புத்தகத்திலும் பாண்டுங்தான்" என்பவருக்கு: அதை முன்னோடி என்று போட்டிருந்தால் தப்பில்லை. 1961க்குப் பிறகு கியூபா மாஸ்கோவோடு அவ்வளவு ஒட்டியும் எப்படி உள்ளேயே இருந்தது என்பது தனிச் சண்டை. இயக்கத்துக்குள்ளேயே அது தீரவில்லை.