வண்ணத்துக்கு முன் இடைவெளி
"புதிய வண்ணமும் சின்னமும் வந்தால் பயணிகளுக்குப் பெருமிதம் தானாக வரும்" என்கிறது நகரப் பேருந்துகளைப் பற்றிய ஒரு கட்டுரை. நிறுத்தத்தில் காத்து நிற்பவருக்கு வராது. 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். முன்னால் போகும் வண்டி கொஞ்சம் தாமதமானாலும் அதற்குக் கூட்டம் சேர்ந்து இன்னும் தாமதமாகும். பின்வண்டி பாதி காலியாக வந்து அதை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வண்டிகள் சேர்ந்து வரும், காத்திருப்பு 10 நிமிடமாகிவிடும். இத்தனைக்கும் வண்டி ஒன்றுகூடக் குறையவில்லை! பளிச்சென்ற வண்ணம், இரண்டும் ஒட்டி வருவதைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். இடைவெளி குறையாமல் இருக்க, பின்வண்டியை வழியில் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இரண்டு மூன்று நிமிடம் நிறுத்திவைக்கும் அதிகாரத்தை முதலில் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுங்கள். நிறுத்தும்போது காரணத்தை வண்டிக்குள் அறிவிக்கவும் வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பவர்கள் எரிச்சலாவார்கள்.