அது திருக்குறள் இல்லை என்று சொன்னதற்கா இவ்வளவு கோபம்?

நம்ம தோட்டத்துக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கட்டிய பேனரைப் பற்றித்தான் பேச்சு. "ஒன்றே குலம் ஒருவனே தேவன்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே "திருவள்ளுவர்" என்று இருந்தது. அது திருமூலர் பாட்டு என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த பதில்கள் இருக்கிறதே! "யார் சொன்னா என்ன சேர், நல்லதைத்தானே போட்டிருக்கோம்" என்று தொடங்கி, "இவருக்கு எதிலும் குற்றம் கண்டுபிடிக்கணும்" என்பது வரைக்கும் போய்விட்டது.

யார் சொன்னால் என்ன என்றால், எங்கே சொன்னார் என்று தெரிந்தால்தான் மிச்சப் பாட்டையும் போய்ப் படிக்க முடியும். மிச்சம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதுதான் என் பிரச்சினை.

பத்தாம் திருமுறையான திருமந்திரத்தில், ஏழாம் தந்திரத்தில், "இதோபதேசம்" என்ற பகுதியில் இருக்கிறது. பரவலாகப் புழங்கும் பதிப்புகளில் 2104ஆம் பாட்டு. பதிப்புக்குப் பதிப்பு எண் கொஞ்சம் முன்பின் ஆகும், அதனால் எண்ணை மட்டும் நம்பாமல் தந்திரத்தையும் பகுதியின் பெயரையும் பார்த்துத் தேடுங்கள். பாட்டு இது:

ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்
நன்றே நினைமின் நமனில்லை நாணாமே
சென்றே புகுங்கதி இல்லைநும் சித்தத்து
நின்றே நிலைபெற நீர்நினைந்து உய்மினே.

குறள் இல்லை என்று கண்டுபிடிக்கப் பண்டிதர் வேண்டாம். குறளுக்கு இரண்டே அடி, ஏழு சீர். இதற்கு நாலடி, அடிக்கு நாலு சீர். ஒன்றே, நன்றே, சென்றே, நின்றே என்று நாலடியிலும் எதுகை ஓடுகிறது. முதலடியை மட்டும் வெட்டி எடுத்தால் எதுகையும் போச்சு, பாட்டும் போச்சு. வள்ளுவரே வேண்டும் என்றால் 972ஆம் குறள் இருக்கிறது, "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்". அதைப் போட்டிருக்கலாம். பாடியவர் கணியன் பூங்குன்றனார் என்று ஒரு தம்பி அடித்துச் சொன்னார். அவர் பாடியது "யாதும் ஊரே யாவரும் கேளிர்", புறநானூறு 192. இன்னொருவர் அறிஞர் அண்ணா என்றார். அண்ணா இந்த அடியை மேடை மேடையாகச் சொன்னார், ஊரெல்லாம் பரப்பினார், உண்மை. ஆனால் பாட்டு அவருடையது இல்லை.

சரி, மிச்ச மூன்றடியில் என்ன இருக்கிறது? குலம் ஒன்று, தேவன் ஒருவன் என்பதை நன்றாக நினையுங்கள், அப்படி நினைத்தால் எமன் இல்லை என்கிறார். கூசாமல் போய்ச் சேர வேறு கதி கிடையாது, அவன் உங்கள் சித்தத்தில் நிலைத்து நிற்கும்படி நினைந்து பிழைத்துப் போங்கள் என்று முடிக்கிறார். இது அழகாகச் சொல்லிவிட்டு நகர்கிற வாசகம் இல்லை. எதிரே நிற்கிறவர்களைப் பார்த்து "நினைமின்", "உய்மின்" என்று வேலை சொல்கிறது. பேனரில் போட்டால் முடிகிற வேலையும் இல்லை. முதலடியோடு நிறுத்திவிட்டால் நமக்கு ஒரு வேலையும் மிஞ்சாது பாருங்கள், அதனால்தான் எல்லோருக்கும் முதலடி மட்டும் இவ்வளவு பிடித்திருக்கிறது.

"சேர், குலம் என்றால் அங்கே சாதி இல்லை, உயிர்க்குலம்" என்று ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். சந்தோஷம். உயிரெல்லாம் ஒரே குலம் என்றால், கோயில் அன்னதானத்தில் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கு ஆட்களை மண்டபத்துக்குள்ளும், கீழே இருக்கிற வரிசை வீடுகளான பணியலயத்து ஆட்களை வெளியே தகரக் கொட்டகையிலும் உட்கார வைத்தது எந்த உயிர்க் கணக்கில் என்று அவரே சொல்லட்டும். "இடவசதி இல்லாததால் பிரித்தோம்" என்கிறார்கள். இடவசதி எப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் அதே குடும்பங்களுக்கு மட்டும் இல்லாமல் போகிறதோ!

அதே திருமந்திரத்தில் அந்தணர் ஒழுக்கம் என்றும் ஒரு பகுதி இருக்கிறதே, தீட்சை, குரு என்றெல்லாம் இருக்கிறதே என்றும் கேட்டார்கள். இருக்கிறது. திருமூலர் சைவர், சிவனைத்தான் பாடுகிறார். எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக ஏதோ எழுதிவைத்தார் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் பொறுமை இல்லை, ஏனென்றால் கேட்டவர் அந்தணர் ஒழுக்கத்தைப் படித்துவிட்டுக் கேட்கவில்லை.

அதே ஏழாம் தந்திரத்தில், இந்தப் பாட்டுக்கு முன்னாலேயே, மாகேசுர பூசை என்று ஒரு பகுதி வருகிறது. "படமாடக் கோயில்" என்று தொடங்கும் பாட்டு அங்கேதான். கோயிலில் இருக்கிற சாமிக்குக் கொடுத்தது நடமாடும் கோயிலான அடியாருக்குப் போய்ச் சேராது, அடியாருக்குக் கொடுத்தால் அது கோயிலில் இருப்பவனுக்கும் போய்ச் சேரும் என்கிறார். அதையும் ஒரு பேனர் அடித்து அந்தத் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டியிருக்க வேண்டும்.

திருமூலர் கதையாவது தெரியுமா? சேக்கிழார் சொல்கிறார். கயிலையில் இருந்து வந்த யோகி, காவிரிக் கரையில் சாத்தனூரில் மூலன் என்ற மாடு மேய்க்கிறவர் இறந்துகிடக்க, மாடுகள் சுற்றி நின்று அழுவதைப் பார்க்கிறார். அவற்றின் துயரம் தீர அந்த உடம்புக்குள் புகுந்துவிடுகிறார். தன் பழைய உடம்பு அப்புறம் கிடைக்கவில்லை. திருவாவடுதுறையில் அரசமரத்தடியில் இருந்து பாடியது எல்லாம் அந்த மாட்டுக்காரர் உடம்போடுதான். அவர் நம்ம தோட்டத்துக்கு வந்திருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பார்கள்? "ஐயா எந்தப் பக்கத்து ஆட்கள்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிது இல்லை. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் ஹட்டன் பக்கம் இருந்து ஒரு தரகர் வந்தார். பையன் கொழும்பில் வேலை, நல்ல குடும்பம். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். தரகர் கோப்பையைத் தொடாமல், அப்பாவுடைய அப்பா இந்தியாவில் எந்த ஊர், தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்த எந்தக் கங்காணியோடு வந்தார் என்று மெதுவாகக் கேட்டார். அப்பா மறைக்காமல் சொன்னார். தரகர் "பார்ப்பம்" என்று எழுந்துவிட்டார், கோப்பை அப்படியே இருந்தது. அவருடைய பையின் வெளிப்பக்கம் ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் செருகியிருந்தது. அதில் என்ன வாசகம் அச்சடித்திருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தோட்டக்காட்டான் என்று வெளியில் ஒருவன் சொன்னால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! வரவேண்டியதுதான், எனக்கும் வருகிறது. ஆனால் லயத்துக்கு லயம் நாமே அதைச் செய்துவிட்டு, "நம்ம ஒற்றுமையைக் குலைக்காதீங்க அண்ணே" என்று எனக்கு அறிவுரை சொல்கிறீர்கள். ஒற்றுமையைக் குலைத்தது பந்தியா, நான் போட்ட ஒரு வரியா?

உள்பெட்டியில் வந்து "நீங்க சொல்றது சரிதான், ஆனா வெளியில சொல்லாதீங்க" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஏசுவதாக இருந்தாலும் இங்கேயே ஏசுங்கள், அழிக்க மாட்டேன். அந்தப் பாட்டின் எந்த அடி எனக்கு எதிராக இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.