வந்த கட்டத்தின் குறியை அழித்துத்தான் ஆக வேண்டும்

எழுத்துக் கட்டங்களில் பக்கத்துக் கட்டமாக நகர்ந்து, பட்டியலில் உள்ள சொற்களைத் தேடும் நிரலைப் பற்றி ஒரு கருத்து இது. போன கட்டங்களைக் குறித்து வைக்கும் தொகுப்புதான் seen.

"ஒரு கட்டத்துக்குப் போய்விட்டால் seen-இல் குறித்தால் போதும், திரும்பும்போது அழிக்கத் தேவையில்லை, வேகமும் கூடும்."

பாதி சரி. ஒரே சொல்லுக்குள் ஒரு கட்டத்தை இரண்டு முறை தொடக் கூடாது, அதற்குத்தான் அந்தக் குறி. ஆனால் அது அப்போது நடக்கும் பாதைக்கு மட்டும் உரியது. பின்வாங்கும்போது அழிக்காவிட்டால் அடுத்த பாதையின் வழி அடைபட்டுப் போகும்.

தாளிலேயே பார்க்கலாம். மேல் வரிசையில் ந, க. கீழே ர, ம். மூலைக்கு மூலையும் நகரலாம் என்பதால் நாலும் ஒன்றுக்கொன்று பக்கத்துக் கட்டங்கள். பட்டியலில் நகரம், நரகம், நகம். ந-விலிருந்து முதலில் வலப்பக்கம் போனால் ந, க, ர, ம் என்று 'நகரம்' கிடைக்கும். இப்போது நாலிலும் குறி. க-வுக்குத் திரும்பி ம்-ஐத் தொடப் பார்த்தால் அடைப்பு, நகம் போச்சு. ந-வுக்கு வந்து ர-வைத் தொட்டாலும் அதே கதை, நரகமும் போச்சு. வேகம் கூடியது உண்மைதான், தேடாமல் விட்டதால்!

```
seen.add(p)
for q in around(p):
    if q not in seen:
        walk(q)
seen.remove(p)
```

கடைசி வரியோடு ஓட்டினால் மூன்று சொல், அதை நீக்கினால் ஒன்று. (ம் என்பதை ஒரே கட்டமாக வையுங்கள், புள்ளி தனியாகப் பிரிந்தால் கணக்கு கெடும்.)

ஒருவர் தன் 4×4 கட்டத்தில் அழிக்காமலே எல்லாம் வந்தது என்கிறார். அவருடைய சொற்களுக்குப் பொதுவான கட்டங்கள் இல்லாமல் இருந்திருக்கலாம். பட்டியலைப் போட்டால் பார்க்கலாம்.