அந்த லேப்டாப் கடிதத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

இரண்டு நாளாக எல்லோர் பக்கத்திலும் அந்தக் கடிதம்தான். ஏஐ, டேட்டா சயின்ஸ் இரண்டாம் ஆண்டுப் பையன் அப்பா அம்மாவிடம் லேப்டாப்புக்கு 80,000 ரூபாய் கேட்டு எழுதியது. "பாடத்துக்கும் வேணும், கேம் விளையாடவும் வேணும்" என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறான். "படிப்புக்கு 45,000 போதும், மிச்ச 35,000 கேமுக்கு" என்று பிரித்துக் கேலி செய்கிறீர்கள். அப்படிப் பிரிக்கவே முடியாது.

நீங்கள் சொல்கிற விலையில் பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் சிப் இருக்காது. கேமில் காட்சியை வரைகிற அதே சிப்தான், பைடார்ச் என்ற மென்பொருளில் ஏஐ மாடலைப் பயிற்றுவிக்கிறது. இரண்டுமே ஒரே மாதிரியான சின்னக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுகிற வேலை. கேமுக்கென்று தனியாக 35,000 எங்கேயும் இல்லை.

அந்தச் சிப் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருக்கும், பிறகு மாற்ற முடியாது. ரேம் ஸ்லாட்டும் எஸ்எஸ்டி ஸ்லாட்டும் காலியாக இருந்தால் அவற்றை அடுத்த வருடம் கூட்டிக்கொள்ளலாம். அதனால்தான் அவன் சிப்புக்கு முதலில் பணம் ஒதுக்கி, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டியோடு நிறுத்தியிருக்கிறான். சரியான வரிசை. சிப்புக்கென்று உள்ள தனி மெமரி 4 ஜிபி போதாது, 6 ஜிபி வேண்டும் என்றதும் சரி. கொஞ்சம் பெரிய மாடலை ஏற்றினாலே அந்த மெமரி போதாமல் `CUDA out of memory` என்று நின்றுவிடும். ஒரு தடவைக்கு எவ்வளவு டேட்டா கொடுக்கிறோம் என்ற பேட்ச் அளவைக் குறைத்துப் பார்க்கலாம். மாடலே கொள்ளாவிட்டால் அதுவும் உதவாது.

"கோலாப் இலவசமாச்சே?" உண்மைதான், கூகுளின் கம்ப்யூட்டரை இணையம் வழியாக இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஜிபியு என்கிற அந்தக் கிராஃபிக்ஸ் சிப் கேட்ட நேரத்தில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் துண்டித்துவிடும், கூகுள் டிரைவில் சேமிக்காதது போய்விடும். செமஸ்டர் கடைசி வாரத்தில், ஹாஸ்டல் வைஃபையில், அதை நம்பி உட்காரச் சொல்கிறீர்களா?

"கனம், சார்ஜ் நிற்காது" என்றவர்கள் சொன்னது நியாயம். சார்ஜரைப் பிடுங்கினால் சிப்பின் வேகமும் குறையும். வகுப்புக்குச் சுமக்கிறவன் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

கடிதத்தில் ஒரே ஒரு குறை உண்டு. சிப்பின் பெயரை ஆர்டிஎக்ஸ் 4050 என்று எழுதியவன், அது எத்தனை வாட் மின்சாரம் எடுக்கலாம் என்று எழுதவில்லை. அதே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப்கள் வருகின்றன, வேகம் பெரிதும் மாறும். அவன் அப்பா இதைப் படித்தால், பில் போடுமுன் கடையிலேயே என்விடியா கண்ட்ரோல் பேனலில் System Information திறந்து, Maximum Graphics Power எவ்வளவு என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் Slots used 1 of 2 என்றிருந்தால் இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறது.

இதையெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. 'கேம்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பெற்றவர்களிடம் உண்மை சொன்ன பையனைப் பொறுப்பில்லாதவன் என்கிறீர்கள். மனசு வலிக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'ப்ராஜெக்ட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எல்லோரும் பாராட்டியிருப்பீர்கள். அதே லேப்டாப், அதே 80,000.