ஜிம்மில் சேரும் முன், நீங்கள் போகப்போகிற நேரத்திலேயே ஒருமுறை போய் நில்லுங்கள்

ஜிம் விசாரிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாளில், பகல் 11 மணி வாக்கில் போகிறார்கள். அப்போது எந்த ஜிம்மும் நன்றாகத்தான் இருக்கும். மெஷின்கள் எல்லாம் காலி, கவுன்டரில் இருப்பவரும் நிதானமாகச் சுற்றிக் காட்டுவார். ஆனால் சேர்ந்தபிறகு நீங்கள் போகப்போவது திங்கள்கிழமை மாலை 7 மணிக்கு. அதே கட்டடத்தில் அது வேறொரு ஜிம். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

அந்த நேரத்தில் போய் என்ன பார்ப்பது? மொத்தம் எத்தனை மெஷின் என்று எண்ணுவதில் பிரயோஜனம் இல்லை. 20 டிரெட்மில் இருக்கும், எடைக்கம்பியைத் தாங்கும் ஸ்குவாட் ரேக் ஒன்றுதான் இருக்கும். நெரிசல் எப்போதும் ரேக், பெஞ்ச் பிரஸ், கேபிள் மெஷின் இந்த மூன்றில்தான். ரேக்கையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஸ்குவாட் செய்ய வருகிறார். எடை குறைவாக வைத்து 3 வார்ம்-அப் செட், பிறகு 4 கனமான செட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 3 நிமிட ஓய்வு. கம்பியில் எடை பிளேட் மாட்டிக் கழற்றும் நேரத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 25 நிமிடம். மாலை 6 முதல் 8 வரையான இரண்டு மணி நேரத்தில் ஒரு ரேக்கில் 4 பேர், இழுத்துப்பிடித்தால் 5 பேர் முடிக்கலாம். இரண்டு ரேக் இருந்தால் 8 முதல் 10 பேர். அந்த நேரத்தில் ரேக் தேடி வருகிறவர்கள் 15 பேர் என்றால் மீதிப்பேர் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். "மாற்றி மாற்றிச் செய்துகொள்ளலாம் சார்" என்பார்கள். உயரமும் தூக்கும் எடையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கிற இருவருக்கு அது சரிப்படும். ஒருவர் 40 கிலோ, இன்னொருவர் 100 கிலோ என்றால் ஒவ்வொரு செட்டுக்கும் பிளேட் மாற்றியே கை ஓய்ந்துவிடும்.

அதனால் அரை மணி நேரம் ஓரமாக நின்று, ரேக்குக்காக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஒரே ஒரு நாள் போகமுடியும் என்றால் வாரத்தின் முதல் வேலைநாளில் போங்கள், கூட்டம் அன்றைக்குத்தான் அதிகம். ஜனவரி முதல் இரண்டு வாரத்தை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம். அது புத்தாண்டுச் சபதக் கூட்டம், தானாகவே வடியும்.

அடுத்தது கருவிகள். பளபளப்பைப் பார்க்காமல் 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் 2.5 கிலோ பிளேட்தான் ஆகச் சிறியது. இரண்டு பக்கமும் மாட்டவேண்டும் என்பதால் ஒரேயடியாக 5 கிலோ ஏற்றியாக வேண்டும். ஸ்குவாட்டில் அது பெரிய விஷயமில்லை. தலைக்குமேல் 25 கிலோ தூக்கும் ஒருவருக்கு 5 கிலோ என்பது 20 சதவீத உயர்வு. அவர் மாதக்கணக்கில் அதே எடையில் நிற்பார், தன் உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். டம்பெல்லும் இதே கதைதான். 10 கிலோவுக்கு அடுத்தது நேராக 15 என்று தாவியிருந்தால் தோள்பட்டைப் பயிற்சிகள் அங்கேயே முட்டி நின்றுவிடும்.

பார்பெல்லை ரேக்கின் கொக்கிகளில் வைத்து நடுவில் பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். முனைகள் மேலும் கீழுமாக ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. கேபிள் மெஷினில் பார்க்கவேண்டிய இடம், கைப்பிடி கொக்கியில் சேரும் முனை. அங்கே கறுப்பு உறை வெடித்து உள்ளே கம்பி இழை தெரிந்தால் அது அறுந்து விழுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எடைக்கட்டில் செருகும் பின்னுக்குப் பதிலாக போல்ட்டோ ஸ்குரூ டிரைவரோ செருகியிருந்தால் பராமரிப்பு எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று தனியாகக் கேட்கவே தேவையில்லை. டிரெட்மில்லை மெதுவான நடை வேகத்தில் ஓடவிட்டுக் காலை அழுத்தி வையுங்கள். பெல்ட் ஒரு நொடி தயங்கி மறுபடி ஓடினால் வழுக்குகிறது. வேகமாக ஓடும்போது அந்த ஒரு நொடி ஆளைக் கீழே தள்ளிவிடும். சட்டையில் மாட்டும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் மெஷின் நிற்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பல இடங்களில் அந்தக் கயிறே இருக்காது.

டிரெயினர் விஷயத்தில் அவருடைய புஜத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ட்ரையல் நாளில் அவர் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பழைய அடி, அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம், நெஞ்சுவலி, சாப்பிடும் மருந்து இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்காமல் "வாங்க, இன்னைக்கு செஸ்ட்" என்று ஆரம்பித்தால் எல்லோருக்கும் அவர் கையில் ஒரே அட்டவணைதான். இரண்டாவது செட்டில் வேண்டுமென்றே முதுகைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள், எடை இல்லாத வெறும் குச்சியோடு மட்டும். அவர் கண்ணில் படுகிறதா, இல்லை ஃபோனில் இருக்கிறாரா? சான்றிதழைக் காட்டினால் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஏசிஇ என்ற அமெரிக்க உடற்பயிற்சி அமைப்பு தருவது போன்ற சான்றிதழ்கள் ஆயுள் முழுக்கச் செல்லாது, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை. முதல் நாளே புரோட்டீன் டப்பா விற்கிறவரிடம் உங்களுக்கு அது தேவையா என்று கேட்டால் வேண்டாம் என்ற பதில் வராது.

இன்னொன்றை நேராகவே கேளுங்கள்: கட்டணத்துக்குள் அடங்கிய பொது டிரெயினர் என்னவெல்லாம் செய்வார், பர்சனல் டிரெயினிங் பணம் கட்டினால்தான் கிடைப்பது எது? சில இடங்களில் பர்சனல் டிரெயினிங் வாங்காதவரின் தப்பை யாரும் திருத்துவதில்லை என்பது எழுதாத சட்டம். பொது டிரெயினர் என்று ஒருவர் பெயருக்குத்தான் இருப்பார்.

கடைசியில் ஒப்பந்தம். வருடச் சந்தா மலிவு என்று காட்டுவார்கள். அது 6 மாதத்து மாதக் கட்டணத்துக்குச் சமம் என்று வையுங்கள். 4 மாதத்தில் நின்றுவிட்டால் 2 மாதப் பணம் போச்சு, 6 மாதத்தைத் தாண்டிப் போனால்தான் லாபம். தாண்டுவோமா என்பதில் நாம் எல்லோருமே நம்மைப்பற்றி உயர்வாக நினைக்கிறவர்கள். டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் 3 ஜிம்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் போயிருந்தார்கள். ஒரு முறைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே ஜிம்களில் 10 முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். இன்னும் வேடிக்கை, கடைசியாக ஜிம்முக்குப் போன நாளுக்கும் சந்தாவை ரத்துசெய்த நாளுக்கும் நடுவே சராசரியாக 2.3 முழு மாதங்கள் பணம் சும்மா போய்க்கொண்டிருந்தது. ஆகவே தானாகப் பணம் பிடிக்கும் மாதச் சந்தாவும் ஆபத்தில்லாததல்ல. சீட்டு முறை இருந்தால் முதல் இரண்டு மாதம் அதிலேயே ஓட்டுங்கள்.

படிவத்தில் தேடவேண்டிய வரிகள் சில. ரத்துசெய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதை எழுத்தில் தரவேண்டுமா நேரில் வரவேண்டுமா? காலம் முடிந்தால் தானாகப் புதுப்பிக்கப்படுமா? உடம்பு சரியில்லாமலோ ஊர் மாறியோ போனால் சந்தாவை நிறுத்திவைக்க முடியுமா, எத்தனை நாள், எத்தனை முறை? ஜிம் இடம் மாறினாலோ மூடினாலோ மீதிப் பணம் வருமா? பர்சனல் டிரெயினிங் பேக்கேஜ் அந்த டிரெயினருக்காகவே வாங்குகிறீர்கள் என்றால், அவர் வேலையை விட்டால் என்ன ஆகும்? இதில் ஏதாவது ஒன்றுக்கு "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், அதையே அந்தப் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லுங்கள். போட்டுத் தந்தால் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு பணம் கட்டலாம். பேனாவைத் தொடத் தயங்கினால் பர்ஸை உள்ளே வைத்துவிடுங்கள்.